ரூட்டர் மாறலாம், வைஃபை பெயர் மாற வேண்டாம்: எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைய ஒரு செய்முறை

புதிய ரூட்டர் வந்ததும் பெரும்பாலானோர் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் தட்டத் தொடங்குகிறார்கள். கைப்பேசியில் அது அரை நிமிட வேலை. பிரிண்டரின் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும். ஸ்மார்ட் பல்பைப் பழைய நிலைக்குத் திருப்பி, செயலியில் மறுபடி சேர்க்க வேண்டும். வாசலுக்கு மேலே மாட்டிய கேமராவுக்கு ஏணி போட வேண்டும். இவை எதுவுமே தேவையில்லை. கருவிகளை விட்டுவிட்டு, ரூட்டரை மட்டும் மாற்றி அமைத்தால் போதும்.

கருவிகள் உங்கள் ரூட்டரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை ஆகிய மூன்றைத்தான் சேமித்து வைக்கின்றன. இந்த மூன்றும் பொருந்தினால், எந்த நிறுவனத்தின் ரூட்டர் என்று பாராமல் இணைந்துவிடும். ஆனால் பொருத்தம் துல்லியமாக இருக்க வேண்டும். இன்று பரவலாக உள்ள WPA2 முறையில், கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் சாவி உருவாகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு வைஃபைதான்.

படி 1: பழைய ரூட்டர் ஓடும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பழையது முழுவதுமாகப் பழுதாகியிருந்தாலும் கவலை வேண்டாம். விவரங்கள் கருவிகளில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அந்த வைஃபையைப் பகிரும் பொத்தானை அழுத்தினால் QR குறியீடு வரும். பல கைப்பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் தெரியும். ஐபோனில் iOS 16 முதல், வைஃபை பெயருக்கு அருகிலுள்ள குறியைத் தொட்டால் கடவுச்சொல்லைப் பார்க்கலாம். விண்டோஸ் கணினிதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. Command Prompt செயலியை Run as administrator என்று திறந்து இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show profile name="Malar_Home" key=clear
```

`Malar_Home` என்பதற்குப் பதிலாக உங்கள் வைஃபை பெயரை இடுங்கள். வருகிற பட்டியலில் `Key Content` என்ற வரியில் கடவுச்சொல் இருக்கும். `Authentication` என்ற வரியில் `WPA2-Personal` என்பது போலப் பாதுகாப்பு வகை இருக்கும். வேண்டியவை இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். பழைய ரூட்டரில் ஒரு பெயர் இருந்ததா, இரண்டா? ஓர் எடுத்துக்காட்டு வீட்டை வைத்துக்கொள்வோம். அங்கே `Malar_Home`, `Malar_Home_5G` என்று இரண்டு இருந்தன. முதலாவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ், மற்றது 5 ஜிகாஹெர்ட்ஸ். கடவுச்சொல் இரண்டுக்கும் `Kuyil-7352-thoppu`. பல்பும் கேமராவும் பிரிண்டரும் முதல் பெயரில். டிவியும் மடிக்கணினியும் இரண்டாவதில். ஆகவே இரண்டு பெயர்களையும் எழுதி வைக்க வேண்டும்.

பழைய ரூட்டரின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் `ipconfig` என்று தட்டினால் `Default Gateway` வரியில் தெரியும். பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. இது ஏன் என்பது கடைசியில் வரும்.

படி 2: பழையதை அணைத்துவிட்டுப் புதியதில் நுழையுங்கள்

ஒரே பெயரில் இரண்டு ரூட்டர்கள் ஓடினால், எந்தக் கருவி எதில் இணைந்திருக்கிறது என்றே தெரியாது. எனவே பழையதன் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கணினியைக் கேபிள் வழியாகப் புதிய ரூட்டரில் இணைப்பது நல்லது. வைஃபை வழியாக நுழைந்தால், பெயரை மாற்றிச் சேமித்த அந்த நொடியே இணைப்பு அறுந்துவிடும். உலாவியில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் திறந்து, அதிலேயே கொடுத்திருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லால் நுழையுங்கள். அந்தக் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் தயங்காமல் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை

Wireless அல்லது Wi-Fi என்ற பகுதிக்குப் போங்கள். புதிய ரூட்டர்கள் பலவற்றில் Smart Connect என்பது போன்ற ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அது இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் அதை அப்படியே விட்டால், `Malar_Home_5G` என்ற பெயரைத் தேடும் டிவி கடைசிவரை இணையாது. அதை அணைத்து, இரண்டு பெயர்களையும் தனித்தனியாக இடுங்கள். பழைய ரூட்டரில் ஒரே பெயர்தான் என்றால் அதை அணைக்க வேண்டியதில்லை.

பெயரைத் தட்டும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடிக்கோடு, இடைவெளி அனைத்தும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். கைப்பேசியில் தட்டுவோர் கூடுதலாகக் கவனியுங்கள்: விசைப்பலகை பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால், அதற்குப் பின்னால் ஓர் இடைவெளியைத் தானாகச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளியால் வீடு முழுவதும் இணைப்பு இல்லாமல் போகும்.

பாதுகாப்பு வகையில் `WPA2-PSK`, `AES` என்று தேர்ந்தெடுங்கள். புதிய ரூட்டரில் `WPA3` மட்டும் இருந்தால் பழைய பல்புகளும் கேமராக்களும் உள்ளே வராது. `WPA2/WPA3` என்ற கலப்பு வகை பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் சில பழைய கருவிகள் அதிலும் முரண்டு பிடிக்கும். முதலில் WPA2-இல் எல்லாம் இணைகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கலப்பு வகைக்கு மாறுவதே என் வழக்கம். அப்போது எது விழுந்தாலும் காரணம் உடனே புரிந்துவிடும்.

சேமித்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அதற்குள் அவசரப்பட்டு எந்தக் கருவியிலும் Forget அழுத்திவிடாதீர்கள். சேமித்த விவரம் அழிந்துவிடும். வெகுநேரம் ஆகியும் இணையாத கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

இணையவில்லையா? கைப்பேசியே சொல்லும்

பெயர் பட்டியலில் தெரிந்தும், முன்பே சேமித்தது என்ற குறிப்பு இல்லாமல் புதிதாகக் கடவுச்சொல் கேட்டால், பெயரில் எழுத்தோ இடைவெளியோ மாறியிருக்கிறது. சேமித்தது என்று காட்டியும் கடவுச்சொல் தவறு என்றால், கடவுச்சொல்லைத் தவறாக இட்டிருக்கிறீர்கள். கைப்பேசிகள் இணைந்து, பல்பும் கேமராவும் மட்டும் வெளியே நின்றால், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அணைந்திருக்கிறதா, WPA3 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை இணைந்தும் இணையம் வரவில்லை என்றால் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் WAN பகுதியில் இடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. கேமராவோ பிரிண்டரோ வைஃபையில் இணைந்திருக்கும், ஆனால் எட்டாது. அதற்கு யாரோ `192.168.1.50` என்று நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். புதிய ரூட்டரோ `192.168.0.1`-இல் உட்கார்ந்திருக்கும். வேறு தெருவின் முகவரியில் கடிதம் போடுவது போன்றது இது. LAN பகுதியில் புதிய ரூட்டரின் முகவரியைப் பழைய `192.168.1.1` ஆக்கினால் சரியாகிவிடும். புதிய ரூட்டருக்கு முன்னால் ஃபைபர் பெட்டி ஒன்று அதே `192.168.1.1`-இல் இருந்து ரூட்டர் வேலையும் செய்தால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், இரண்டும் மோதும். அங்கே கருவியின் நிலையான முகவரியைத்தான் மாற்ற வேண்டும்.

வெளியாட்கள் பலருக்குக் கடவுச்சொல் தெரிந்துவிட்டது என்பதற்காகவே ரூட்டரை மாற்றுகிறீர்கள் என்றால், இந்த வழி உங்களுக்கு வேண்டாம். அவர்கள் கைப்பேசிகளும் தாமாகவே இணைந்துவிடும்.

எல்லாக் கருவிகளும் இணைந்ததை உறுதிசெய்யும் வரை பழைய ரூட்டரைக் கழிக்காதீர்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அதன் அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பிறகு, யாருக்கேனும் கொடுப்பதற்கு முன், பின்புறமுள்ள Reset துளையில் குண்டூசியால் 10 நொடிகள் போல அழுத்திப் பிடித்து, விளக்குகள் அணைந்து எரிந்த பின் விடுங்கள். நீங்கள் இன்னும் பயன்படுத்தும் கடவுச்சொல் அதற்குள் இருக்கிறது.