ஜீரோ வட்டி ஈஎம்ஐ: பில்லை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க

ஜீரோ வட்டி ஈஎம்ஐல டிவி, ஃப்ரிட்ஜ் வாங்குற நிறைய பேர் போடுறது ஒரே கணக்குதான், மாசத் தவணையை எத்தனை மாசமோ அத்தனையால பெருக்குறாங்க, பில் தொகையோட சரியா வந்துச்சுன்னா வட்டி இல்லைன்னு முடிவு பண்ணி கையெழுத்து போட்டுடுறாங்க. ஆனா பிராசஸிங் ஃபீஸ் பெரும்பாலும் கடை பில்லுல வரவே வராது, ஏன்னா அதை வாங்குறது கடை இல்ல, கடன் குடுக்குற கம்பெனி. லோன் அக்ரிமெண்ட்லயோ, முதல்ல கட்டுற பணத்துக்கான ரசீதுலயோதான் அது இருக்கும், அதனால மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒரு கணக்கு சொல்றேன். பில் 24,000, மாசம் 3,000 வீதம் 8 தவணை. பெருக்கினா சரியாதான் வருது. ஆனா ரெண்டு தவணையை வாங்குற அன்னைக்கே அட்வான்ஸா கட்டச் சொல்றாங்க, கூடவே வரியோட சேர்த்து பிராசஸிங் ஃபீஸ் 700. அப்போ 6,700 கையில இருந்து போயிடுச்சு, உங்களுக்கு நிஜமா கிடைச்ச கடன் 17,300 மட்டும்தான், ஆனா திருப்பிக் கட்டப்போறது 18,000, அதுவும் ஆறே மாசத்துல. 24,000ல 700ங்கிறது 3 சதவீதம்கூட இல்லைன்னு தோணும், ஆனா கடன் மாசாமாசம் குறைஞ்சுட்டே வருதுல்ல, அதை வச்சுப் பார்த்தா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 14 சதவீத வட்டி.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆத்திரமா இருக்கும். மொத்தப் பணமும் இப்பவே குடுத்தா என்ன விலைன்னு யாரும் கேக்குறதில்ல. அதுக்கு 800 தள்ளுபடி இருந்து, ஈஎம்ஐல எடுத்தா அது கிடையாதுன்னா, அதுவும் வட்டிதாங்க. அப்போ பொருளோட நிஜ விலை 23,200, கடன் 16,500. எக்செல்ல இதைப் போட்டுப் பாருங்க:

```
=RATE(6,-3000,16500)*12
```

0.305 பக்கம் வரும், அதாவது வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல. 6ங்கிறது மிச்சத் தவணை, 3000 மாசத் தொகை, கடைசி எண் நிஜக் கடன். உங்க பில்லுக்கு ஏத்தபடி மாத்திக்கங்க, ஜீரோ வட்டின்னா நிஜமாவே 0 வரணும்.

பில்லுக்குள்ளயும் ஒரு இடம் இருக்கு. பொருள் விலைக்குக் கீழ எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்ஸ்டாலேஷன்னு தனி வரி இருந்தா, நீங்க கேட்டதுதானான்னு பாருங்க, கேக்காததையும் சேர்த்து மொத்தத்தை தவணையா பிரிச்சிருந்தா பெருக்கல் கணக்கு அப்பவும் சரியாதான் வரும்.

சீக்கிரம் கட்டி முடிச்சா மிச்சமாகும்னும் நினைக்காதீங்க. ஃபீஸ் முன்னாடியே எடுத்தாச்சு, சீக்கிரம் கட்டுனா அதே 700ஐ இன்னும் கம்மி மாசத்துக்குக் குடுத்த மாதிரி ஆகும். பொருளைத் திருப்பிக் குடுத்தா ஃபீஸ் வருமா வராதான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கங்க.