மார்ஜின் கட்டினால் தங்கம் வாங்கியதாகாது

கோத்தகிரிப் பக்கம் பச்சைத்தேயிலை பறித்து பாக்டரிக்குக் கொடுக்கும் ஒரு குடும்பம். மூன்று வருடத்தில் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் 100 கிராம் தங்கம் வேண்டும். கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஆக 10 லட்சம்.

இப்போதே நகையாக வாங்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. செய்கூலியும் சேதாரமும் 12 சதவீதம் என்றால் 11.2 லட்சம். அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 11,53,600 ரூபாய். விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் காசு கிடைக்கும். விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். கல்யாண நேரத்தில் மகள் வேறு டிசைன் கேட்டால் செய்கூலி இன்னொரு தடவை.

பங்கைப் போலச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் தங்க நிதியான கோல்டு இடிஎஃப் என்றால் நிர்வாகச் செலவாக வருடத்துக்கு 0.6 சதவீதம் போல, 6,000 ரூபாய் கழியும். நகைக்கான செய்கூலியையும் வரியையும் கல்யாணத்தின்போது ஒரே தடவை கட்டினால் போதும். ஆனால் உரம் வாங்க அவசரப் பணம் வேண்டுமென்றால் நகையை அடகு வைக்கலாம், இடிஎஃப் யூனிட்டுக்கு வங்கியில் நகைக்கடன் கிடையாது. அதனால் வீட்டில் இருக்கும் நகையை விற்று இடிஎஃப் வாங்க வேண்டாம் என்பேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, பின்னொரு தேதிக்கான தங்கத்தை இன்றே விலை பேசி வாங்கும் ஒப்பந்தமான ஃப்யூச்சர்ஸ்தான். எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் கோல்டு மினி ஒப்பந்தம் ஒரு லாட் 100 கிராம். அதற்குப் பிணையாகக் கட்டும் மார்ஜின் 10 சதவீதம் என்றால் 1 லட்சம் போதும். "ஒரு லட்சத்துக்கு 100 கிராமா!" என்று தோன்றும். ஆனால் லாப நஷ்டம் முழு 10 லட்சத்துக்கும் ஓடும். 2025 அக்டோபர் 21 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்படி 5 சதவீதம் விழுந்தால் கணக்கில் 50,000 ரூபாய் அன்றைக்கே போய்விடும். மிச்சமிருக்கும் 50,000 மார்ஜினுக்குப் போதாது, இன்னும் 45,000 உடனே கட்டச் சொல்வார்கள். இலைப் பணமோ மாதம் ஒரு தடவைதான் வரும். கட்டாவிட்டால் புரோக்கர் லாட்டை விற்றுவிடுவார். அடுத்த வாரம் விலை பழையபடி ஏறினாலும் அந்த 50,000 திரும்பாது. நகையோ இடிஎஃப்போ வைத்திருந்தவர் அதே வாரத்தைச் சும்மா இருந்தே கடந்திருப்பார்.

விலை இறங்காமல் இருந்தாலும் செலவு உண்டு. மினி ஒப்பந்தம் மாதத்தின் 5ஆம் தேதியை ஒட்டி முடியும். அதற்கு முன்பே அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். அது பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். 10 கிராமுக்கு 500 ரூபாய் கூட என்றால் 100 கிராமுக்கு 5,000, வருடத்துக்கு 60,000. மீதி 9 லட்சம் கையில் இருப்பவருக்கு வங்கி வட்டி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும். அந்த 9 லட்சமே இல்லாமல் ஒரு லட்சத்தோடு வந்தவருக்கு அது முழுக்கக் கைச்செலவு, இடிஎஃப் செலவைப் போலப் பத்து மடங்கு.