பயிற்சி பட்ஜெட்டும் ஸ்கேலிங் விதிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழி மாடலைப் பயிற்றுவிக்க இவ்வளவு கணிப்புத்திறன்தான் இருக்கிறது என்று முடிவான பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். அதை மாடலின் அளவுக்குச் செலவிடுவதா, தரவுக்குச் செலவிடுவதா? கணக்கு எளிது. ஒரு டோக்கனை, அதாவது ஒரு சொல்துண்டை, கற்கும்போது மாடல் திருத்திக்கொள்ளும் எண்ணான ஒவ்வொரு பாராமீட்டருக்கும் முன்னோக்கிய ஓட்டத்தில் 2 கணக்கீடுகளும் பின்னோக்கிய ஓட்டத்தில் 4 கணக்கீடுகளும் ஆகின்றன. ஆகவே மொத்தச் செலவு `C ≈ 6ND`. இதில் N பாராமீட்டர்கள், D டோக்கன்கள்.

பட்ஜெட் கூடும்போது மாடலும் தரவும் எப்படி வளர வேண்டும் என்று சொல்வதுதான் ஸ்கேலிங் விதி. 2020இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட விதிப்படி, பட்ஜெட் 10 மடங்கு கூடினால் மாடலை ஏறத்தாழ 5.5 மடங்கும் தரவை 1.8 மடங்கும் பெருக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த ஜிபிடி-3இல் 17,500 கோடி பாராமீட்டர்கள் இருந்தன; அது கற்றதோ 30,000 கோடி டோக்கன்கள் மட்டுமே. 2022இல் டீப்மைண்ட் 400க்கும் மேற்பட்ட மாடல்களைப் பயிற்றுவித்துப் பார்த்து, இரண்டையும் சம விகிதத்தில் பெருக்க வேண்டும் என்றது. தங்கள் முந்தைய மாடலான கோஃபருக்கு ஆன அதே கணிப்புச் செலவில், அதில் கால்பங்கு அளவுள்ள (7,000 கோடி பாராமீட்டர்) சின்சில்லாவுக்கு 1.4 லட்சம் கோடி டோக்கன்களைக் கொடுத்தார்கள். சின்சில்லாதான் வென்றது. ஒரு பாராமீட்டருக்கு 20 டோக்கன் என்ற வாய்பாடு பரவியது அப்போதுதான்.

முதல் விதி ஏன் வழுவியது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் மாடல் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் லெர்னிங் ரேட்டைக் குறைக்கும் அட்டவணை ஓட்டத்தின் நீளத்துக்குப் பொருந்தவில்லை என்பது டீப்மைண்ட் சொன்ன காரணம். 2024இல் வந்த மறுஆய்வுகள் வேறு காரணங்களுக்கே அதிக எடை கொடுத்தன: லெர்னிங் ரேட்டைத் தொடக்கத்தில் மெல்ல ஏற்றும் வார்ம்-அப் சிறிய மாடல்களுக்கு மிக நீண்டுவிட்டது, அளவுக்கேற்ப ஆப்டிமைசரைச் சரிசெய்யாதது, டோக்கன்களை எண்களாக்கும் எம்பெடிங்கையும் கடைசி அடுக்கையும் கணக்கில் விட்டது.

கடைசியாகச் சொன்னதை எண்ணில் பார்த்தால் விளங்கும். அகலம் 512, அடுக்குகள் 8, சொற்தொகுதி 50,000 என்று ஒரு சோதனை மாடல். அடுக்குகளில் சுமார் 2.5 கோடி பாராமீட்டர்கள். எம்பெடிங்கிலும் ஏறக்குறைய அதே அளவு. அதை விட்டுவிட்டால் மாடலில் பாதி கணக்கில் வராது. 1,000 கோடி பாராமீட்டர் மாடலிலோ அந்தப் பங்கு வெறும் சில சதவீதம். ஆக, எந்த பட்ஜெட்டுக்கு எவ்வளவு பெரிய மாடல் என்று காட்டும் கோட்டின் சிறிய முனை மட்டும் கீழே இறங்குகிறது, சாய்வு செங்குத்தாகிறது, "மாடலைப் பெரிதாக்கு" என்ற பொய்யான அறிவுரை கிடைக்கிறது. நீங்களே சிறு மாடல்களை ஓட்டிக் கோடு வரைவதாக இருந்தால் எல்லாப் பாராமீட்டர்களையும் எண்ணுங்கள். பிறகு மிகச்சிறிய இரண்டு மூன்று மாடல்களை நீக்கிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். சாய்வு கணிசமாக மாறினால் அந்தக் கோட்டை நம்பி 1,000 மடங்கு தள்ளிக் கணிக்கக் கூடாது.

இன்னொரு தவறு ஜிபியு மணியில் நேரும். பட்ஜெட் 1.2×10²² கணக்கீடுகள் என்று கொள்வோம். என்விடியாவின் எச்100 ஜிபியுவின் விவரத்தாளில் உள்ள உச்ச வேகத்தால் (நொடிக்கு 989 லட்சம் கோடி) வகுத்தால் 3,400 மணி போதும் என்று வரும். நிஜ ஓட்டத்தில் உச்சத்தில் 40% கிடைத்தாலே நல்ல நிலை. அப்போது 8,400 மணி ஆகிறது. உங்கள் கருவியில் கிடைக்கும் வேகத்தைச் சில நிமிடம் ஓட்டி அளந்தபிறகு பட்ஜெட் எழுதுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது 20 என்ற எண்ணில். அந்த 1.2×10²²க்கு வாய்பாடு தரும் விடை: 1,000 கோடி பாராமீட்டர், 20,000 கோடி டோக்கன். இது பயிற்சிச் செலவை மட்டும் பார்த்த விடை. பயனர்களுக்கு மாடலை ஓட்டும் செலவு இதில் இல்லை. சின்சில்லா தரவுக்கு 2024இல் எபாக் ஏஐ என்ற ஆய்வு அமைப்பு மறுபடி பொருத்திய சமன்பாட்டில், பாதி அளவு மாடல் அதே லாஸை, அதாவது அதே கணிப்புப் பிழையை, எட்ட எத்தனை டோக்கன் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். 500 கோடி பாராமீட்டருக்குச் சுமார் 50,000 கோடி டோக்கன் வருகிறது. பயிற்சிச் செலவு 1.5×10²², அதாவது 25% கூடுதல்.

அந்தக் கூடுதல் 3×10²¹ எப்போது திரும்பி வரும்? பயன்பாட்டில் ஒரு டோக்கனுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 2N. மாடல் 500 கோடி சிறியதானால் டோக்கனுக்கு 10¹⁰ கணக்கீடுகள் மிச்சம். 30,000 கோடி டோக்கன்கள் ஓடியதும் கடன் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஓடும் என்று எதிர்பார்த்தால் சிறிய மாடலே மலிவு. 800 கோடி பாராமீட்டர் லாமா 3க்கு மெட்டா 15 லட்சம் கோடி டோக்கன்கள், பாராமீட்டருக்கு 1,900 அளவில், கொடுத்ததை இந்தக் கணக்கோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆய்வுக்காகச் சில முறை ஓட்டிவிட்டு ஓரமாக வைக்கப்போகும் மாடலுக்கு 20 என்ற எண்ணே பொருந்தும்.