ஐபோனை வைத்தே போட்டோ பிரேமைக் கோணாமல் மாட்டுவது எப்படி?

கூடத்தில் ஒரு குடும்பப் படம். பிரேம் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், பின்னால் இரண்டு கொக்கிகள். ஆணி இரண்டு அடிக்க வேண்டும் என்பதால்தான் கோணல் வருகிறது.

முதலில் சுவர். ஜன்னலைப் பார்த்து நின்று, போனைப் படுக்கையாகப் பிடித்து `Compass` திறங்கள். 270°-ஐ ஒட்டிக் காட்டினால் அது மேற்கு ஜன்னல். எதிர்ச் சுவரில் சாயங்கால வெயில் விழும், படம் வெளுக்கும். வேறு சுவர் பாருங்கள். இரண்டடி நகர்ந்ததும் எண் தாவினால் பக்கத்தில் இரும்பு பீரோவோ, போன் உறையில் காந்தமோ இருக்கிறது.

அடுத்து `Measure`. போனை மெல்ல அசைத்தால் நடுவில் புள்ளியுடன் வட்டம் வரும். சுவரின் ஒரு மூலையில் `+`, மறு மூலையில் `+`. வெறும் வெள்ளைச் சுவரில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் அளந்தால் சரியாக வரும். ஓரிரு செ.மீ. பிசகலாம், நடுவைக் குத்துமதிப்பாகத் தெரிந்துகொள்ள அது போதும். ஆணிக் குறிக்கு இஞ்ச் டேப்தான்.

படத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ.யில் இருக்கட்டும். பிரேமின் மேல்விளிம்பு 167.5. கொக்கி அதற்கு 6 செ.மீ. கீழே என்றால் ஆணி 161.5-இல். கொக்கிகளுக்கு இடையே 40 செ.மீ. இருந்தால், சுவரின் நடுவிலிருந்து இருபுறமும் 20 செ.மீ. தள்ளிக் குறியுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ மட்டும் ஆணி வேண்டாம். உள்ளே ஒயர் ஓடும்.

இனிதான் முக்கியமான வேலை. இரு குறிகளையும் தொடும்படி நீள ஸ்கேலைப் பிடித்து, அதன் மேல் போனின் நீள விளிம்பை வையுங்கள். உறையைக் கழற்றிவிடுங்கள். பட்டன் புடைப்பு போனைத் தூக்கும், அதனால் அந்தப் பாதி ஸ்கேலின் முனையைத் தாண்டி நிற்கட்டும். `Measure`-இல் `Level` தொட்டால் சாய்வு தெரியும். 0° வந்தால் திரை பச்சையாகும். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பி மறு விளிம்பில் வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும். ஒருமுறை 0°, மறுமுறை 2° என்றால் உண்மைச் சாய்வு நடுவில், 1°.

திரையில் முழு எண்தான் வரும். 0° என்று காட்டும்போதே அரை டிகிரி சாய்வு ஒளிந்திருக்கலாம், 40 செ.மீ. இடைவெளியில் அது சுமார் 3.5 மி.மீ. கண்ணுக்குத் தெரியும் அளவு. அதனால் இரு குறிகளையும் கூரையிலிருந்து டேப்பால் ஒருமுறை அளந்துகொள்வேன். கொத்தனாரின் ரசமட்டம் கைவசம் இருந்தால் அதுவே மேல்.

ஆணி அடித்துப் படத்தை மாட்டியபின் மேல்விளிம்பில் மறுபடி `Level` பாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஆணியைப் பிடுங்க வேண்டாம். தாழ்ந்த பக்கத்து ஆணியில் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் அந்தக் கொக்கி உயர்ந்துவிடும்.