தொப்புள் கொடியில தடவாதீங்க: குழந்தை பிறந்த வீட்ல நடக்குற தப்புகள்

கை கழுவிட்டு தொடுங்க, கொடியைப் பிடிச்சு இழுக்காதீங்க, இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லி அனுப்பிருப்பாங்க, அதனால அதை விட்டுடறேன். பிரசவ வார்டுல நர்ஸா இருக்கறதால எனக்கு இன்னமும் எரிச்சல் வர்றது ஒரே ஒரு விஷயம்தான்.

எதையாவது தடவுறது

வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெய்ல குழைச்சு தடவுறது, மஞ்சள், விபூதி, பேபி பவுடர், மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஆன்டிபயாட்டிக் பவுடர், ஒவ்வொரு வீட்லயும் ஒண்ணு இருக்கு. பாட்டிகளை மட்டும் குறை சொல்ல முடியாது, ஒரு காலத்துல ஆஸ்பத்திரிலயே ஸ்பிரிட் தொட்டு துடைச்சாங்க, அப்புறம்தான் அதனால கொடி விழறது லேட்டாகுதுன்னு தெரிஞ்சு நிறுத்தினாங்க.

கொடியில கிளிப் போட்டதுமே தொப்புள்ல மிச்சம் இருக்குற துண்டுக்கு ரத்தம் போறது நின்னுடும். அதுக்கப்புறம் அது காத்துல காஞ்சு, சுருங்கி, கருத்து தானா விழணும், பெரும்பாலும் 5 நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள விழுந்துடும். மேல எண்ணெயோ பவுடரோ அப்பினா அது காயாம நசநசன்னு இருக்கும், கிருமிக்கு அதான் வேணும். அம்மில உரசின வசம்பும் டப்பால கிடந்த மஞ்சளும் சுத்தமானதுன்னு யார் சொன்னா? உள்ள இருக்குற ரத்தக்குழாய் முழுசா அடைபட சில நாள் ஆகும், அது நேரா கல்லீரல் பக்கம் போற பாதை, அதனால தொப்புள்ல ஆரம்பிக்குற சீழ் தொப்புளோட நிக்காம ரத்தத்துலயும் கலந்துடும். சாம்பலும் சாணியும் வெச்ச காலத்துல குழந்தைங்க ரணஜன்னி வந்து செத்துப் போனதும் தொப்புள் வழியா கிருமி போனதாலதான்.

இதெல்லாத்தையும் விட மோசம் என்னன்னா, பூசினது தோலோட நிறத்தை மறைச்சுடும். எங்க வார்டுக்கு ஒரு குழந்தை வந்துச்சு, பிறந்து ஆறு நாள், தொப்புளைச் சுத்தி கருப்பா வசம்பு பத்து. முந்தின நாளே நாத்தம் வந்திருக்கு, அது வசம்பு வாசனைன்னு வீட்ல சொல்லிட்டாங்க. அன்னைக்குக் காலைல இருந்து குழந்தை பால் குடிக்க எழுப்பினாலும் எழும்பல, சமத்தா தூங்குதுன்னு அம்மா சந்தோஷப்பட்டிருக்காங்க. வெந்நீர்ல நனைச்ச பஞ்சால பத்தை துடைச்சு எடுத்தா, அடியில சுத்தி வயித்துத் தோல் வரைக்கும் சிவந்து, தொட்டா சூடா, கல்லு மாதிரி இறுகி இருந்துச்சு, லேசா அமுக்கினதும் குழந்தை வீறிட்டு அழுதுச்சு, கொடி அடியில சீழ் வந்துச்சு. ஜுரம் இல்ல, கால் சில்லுன்னு இருந்துச்சு, பிறந்த குழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தா உடம்பு குளிர்ந்தும் போகும். டாக்டர் பேனாவால சிவப்போட ஓரத்துல கோடு போட்டு வெச்சாரு, பரவுதான்னு பார்க்க. ரத்த டெஸ்ட், நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக்னு போய் குழந்தை பிழைச்சுது. எதுவும் தடவாம விட்டிருந்தா அந்த சிவப்பு முந்தின நாளே கண்ல பட்டிருக்கும்.

டாக்டரே பார்த்து ஒரு மருந்து எழுதிக் குடுத்தா அது வேற, போடுங்க.

எல்லாத்துக்கும் பயப்படுறது

கொடி அடியில மஞ்சளா கொஞ்சம் பிசுபிசுப்பு, லேசா ஒரு வாடை, விழற நேரத்துல துணியில ரெண்டு சொட்டு ரத்தம், இதெல்லாம் சாதாரணம். சுத்தமான தண்ணில நனைச்ச பஞ்சால அடியை துடைச்சு காய விடுங்க. ஆனா சிவப்பு சுத்தி இருக்குற தோல்ல ஏறினாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, துணியை விலக்கினதும் குடலைப் பிரட்டுற நாத்தம் அடிச்சாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, கொடி விழட்டும்னு காத்திருக்காதீங்க. குழந்தை பால் குடிக்காம துவண்டு போனாலோ, உடம்பு சூடா இல்ல சில்லுன்னு இருந்தாலோ, ரத்தம் நிக்காம வழிஞ்சாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108.

டயபர்

கொடிக்கு கீழ மடிச்சு விடுங்க, ஒண்ணுக்கு அதுல படக்கூடாது.

காசு வெச்சு கட்டுறது

வேணாம்.

கொடி விழுந்ததும் மறந்துடறது

விழுந்த இடம் காய இன்னும் சில நாள் ஆகும், அது வரைக்கும் தினமும் ஒரு தடவை தொப்புள் மடிப்பை விலக்கிப் பாருங்க. உள்ள சிவப்பா பட்டாணி சைஸ்ல ஒரு சதை முளைச்சு, நாள் கணக்கா ஈரமாவே இருந்தா பெரும்பாலும் அது கிரானுலோமா, வலிக்காது, டாக்டர் சில்வர் நைட்ரேட் தொட்டு வைப்பாரு, சுருங்கிடும், அதுக்கும் வீட்ல மஞ்சள் வைக்காதீங்க. தண்ணி மாதிரி கசிஞ்சுட்டே இருந்தா மூத்திரப்பையில இருந்து வர்ற பாதை மூடாம இருக்கலாம், அதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். மூணு வாரம் ஆகியும் கொடி விழவே இல்லன்னாலும் கொண்டு போய்க் காட்டுங்க.