நெட் இல்லாத இடத்தில் போனிலிருந்து பணம் அனுப்புவது எப்படி? *99# முழுச் செய்முறை

கொல்லிமலை செம்மேட்டில் ஒரு கடை. மிளகு வாங்கியாயிற்று, 340 ரூபாய் கொடுக்க வேண்டும். க்யூஆர் ஸ்கேன் ஆகிறது, பெயரும் தெரிகிறது, பின் நம்பர் போட்டதும் வட்டம் சுற்ற ஆரம்பித்து நிற்கவே மாட்டேன் என்கிறது. மேலே பார்த்தால் சிக்னல் ஒரு கோடு இருக்கிறது, 4ஜி என்ற எழுத்தைக் காணோம்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். "நெட் இல்லை" என்பதும் "சிக்னல் இல்லை" என்பதும் ஒன்றல்ல. போனில் கால் போகிறது, டேட்டாதான் ஓடவில்லை என்றால், பணம் அனுப்ப உங்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. சிக்னலே இல்லை என்றால் ஒரே ஒரு வழி, அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

முதலில் டேட்டா இல்லாத, சிக்னல் இருக்கிற நிலையை எடுத்துக்கொள்வோம். மலையிலும் பஸ்ஸிலும் திருவிழாக் கூட்டத்திலும் அதிகம் மாட்டுவது இதில்தான்.

\*99# எப்படி வேலை செய்கிறது?

ரீசார்ஜ் பேலன்ஸ் பார்க்க ஸ்டாரும் ஹேஷும் போட்டு டயல் செய்வோமே, அதே யூஎஸ்எஸ்டி தடம்தான் இது. கால் இணைப்பதற்கு டவரும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழியில் இது போகிறது, டேட்டாவைத் தொடுவதில்லை. அதனால் டேட்டா பேக் தேவையில்லை, ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை, பட்டன் போன் போதும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் அனுப்பலாம். முன்பு ஒவ்வொரு முறைக்கும் 50 பைசா பிடித்தார்கள். 2022-இல் டிராய் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது.

உங்களை அடையாளம் காட்டுவது ஆப் அல்ல, சிம். பேங்க் கணக்கில் பதிந்திருக்கிற நம்பரின் சிம்மிலிருந்துதான் டயல் செய்ய வேண்டும். இரண்டு சிம் போனில் பலரும் சறுக்குவது இங்கேதான்: டயல் செய்யும்போது எந்த சிம் போகிறது என்று பாருங்கள். ஸ்மார்ட்போனில் சார்ஜ் போய்விட்டால், அந்த சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டும் வேலையை முடிக்கலாம்.

வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

1. *99# டயல் செய்யுங்கள். தமிழ் மெனு வேண்டுமென்றால் *99*23#. சில பழைய போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், அப்படியானால் ஆங்கில மெனுவுக்கே போய்விடுங்கள்.
2. பேங்க் எது என்று கேட்கும். ஐஎஃப்எஸ்சி கோடின் முதல் நான்கு எழுத்தைப் போடலாம். இந்தியன் பேங்குக்கு `IDIB`, இந்தியன் ஓவர்சீஸ் பேங்குக்கு `IOBA`, ஸ்டேட் பேங்குக்கு `SBIN`.
3. அந்த நம்பரோடு இணைந்த கணக்குகள் வரும். வேண்டியதன் எண்ணை அழுத்துங்கள்.
4. இதுவரை யூபிஐ பின் வைத்ததே இல்லை என்றால், டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் வருடமும் கேட்டு, புது பின் வைக்கச் சொல்லும். ஏற்கெனவே ஏதாவது ஒரு ஆப்பில் அதே கணக்குக்கு பின் வைத்திருந்தால் இந்த வேலை வேண்டாம். பின் என்பது ஆப்புக்கு உரியது அல்ல, கணக்குக்கு உரியது. எல்லா வழியிலும் அதே நம்பர்தான்.

பதிவு முடிந்ததும் மெனுவில் 3-ஐ அழுத்தி பேலன்ஸ் பாருங்கள். அது வந்துவிட்டால் உங்கள் சிம், பேங்க், பின் மூன்றும் சரி. இந்தச் சோதனையைக் கடை வாசலில் நின்று செய்யாதீர்கள்.

340 ரூபாயை அனுப்புவோம்

மறுபடி *99#, மெனுவில் 1, அதாவது பணம் அனுப்ப. யாருக்கு என்று கேட்கும்: மொபைல் நம்பர், யூபிஐ ஐடி, சேமித்து வைத்தவர், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் என்று வழிகள் வரிசையாக வரும். மெனு வரிசை மாறலாம், மனப்பாடமாக அழுத்தாமல் திரையைப் படித்து அழுத்துங்கள்.

மொபைல் நம்பரைக் கொடுத்தால் அடுத்த திரையில் கடைக்காரர் பெயர் வரும். இதுதான் முக்கியமான திரை. க்யூஆர் இல்லாததால் ஒரு இலக்கம் தவறினாலும் யாரோ ஒருவருக்குப் போய்விடும், பெயரை வாய்விட்டுப் படித்து "நீங்கதானே அண்ணே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தொகை 340. குறிப்பு எழுதச் சொல்லும், வேண்டாமென்றால் 1. கடைசியாக பின்.

பின் போடும்போது ஒரு சங்கடம் உண்டு. ஆப்பில் புள்ளி புள்ளியாக மறைத்துக் காட்டும். இங்கே பெரும்பாலான போன்களில் நீங்கள் அழுத்தும் எண் அப்படியே பளிச்சென்று தெரியும். பின்னால் வரிசை நிற்கிறது என்றால் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு போடுங்கள். ஆப்பில் இருக்கிற அளவு பாதுகாப்பு இந்தத் தடத்தில் இல்லை. தொகைக்கு வரம்பு வைத்திருப்பது சும்மா அல்ல.

முடிந்ததும் ஒரு ரெஃபரன்ஸ் எண் திரையில் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திரை மறைந்தால் திரும்ப வராது.

இனி கடைக்காரர் பக்கம். "சத்தமே வரலையே" என்பார். க்யூஆர் அட்டையோடு இணைந்த யூபிஐ ஐடிக்குப் பணம் வந்தால்தான் அந்த ஸ்பீக்கர் பேசும். நீங்கள் அனுப்பியது அவருடைய மொபைல் நம்பருக்கு, அது வேறு கணக்கோடு இணைந்திருக்கலாம். பணம் போயிருக்கும், பெட்டி ஊமையாக இருக்கும். அந்த ஸ்பீக்கருக்கும் உள்ளே ஒரு சிம்தான். அந்த இடத்தில் டேட்டா இல்லையென்றால் அதுவும் பேசாது. இந்த வாக்குவாதம் வேண்டாமென்றால் க்யூஆருக்குக் கீழே அச்சடித்திருக்கும் யூபிஐ ஐடியைப் பார்த்து டைப் செய்து அனுப்புங்கள். பட்டன் போனில் கொஞ்சம் கை வலிக்கும்.

எங்கே தடுக்கும்?

டயல் செய்ததும் `Connection problem or invalid MMI code` என்று வந்தால், பெரும்பாலும் உங்கள் சிம்மோ அந்த டவரோ இந்தக் கோடை ஏற்கவில்லை என்று பொருள். இரண்டு சிம் இருந்தால் சரியான சிம்தானா என்று பாருங்கள். சரிதான் என்றால் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை, கீழே சொல்லும் கால் வழிக்குப் போங்கள்.

பாதியில் மெனு தானாக மூடிக்கொள்வது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு திரைக்கும் சில நொடிகள்தான் அவகாசம். நம்பரைத் தேடிக்கொண்டிருந்தால் தொடர்பு அறுந்துவிடும். டயல் செய்யும் முன்பே பெறுபவர் நம்பரையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மோசமானது, பின் போட்ட பிறகு அறுந்துபோவது. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆப்பில் வட்டம் சுற்றி நின்றுபோனதும் இதே கதைதான். உடனே மறுமுறை அனுப்பினால் இரண்டு 340 போய்விடும். முதலில் 3-ஐ அழுத்தி பேலன்ஸ் பாருங்கள், 6-இல் கடைசிப் பரிவர்த்தனைகள் இருக்கும். எஸ்எம்எஸ் வரவில்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், மலைப்பகுதியில் அது அரை மணி நேரம் கழித்தும் வரும். பேலன்ஸ் குறையாமல் இருந்தும் ஆப்பில் "நிலுவை" என்று காட்டினால், அதன் முடிவு தெரியும்வரை காத்திருப்பதே நல்லது.

உங்கள் கணக்கில் எடுக்கப்பட்டு அவருக்குப் போகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடை க்யூஆருக்கு அனுப்பியது என்றால் 5 நாள். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் 100 ரூபாய் தர வேண்டும். புகார் கொடுக்கும்போது கேட்பது அந்த ரெஃபரன்ஸ் எண்ணைத்தான்.

கால் செய்து அனுப்புவது

*99# எடுபடாத சிம்முக்கு யூபிஐ 123பே. 080 4516 3666 என்ற எண்ணுக்கு சாதாரண கால் செய்தால் குரல் வழிகாட்டும்: மொழி, பேங்க், பெறுபவர் மொபைல் நம்பர், தொகை, பின். இதையும் பேங்கில் பதிந்த நம்பரிலிருந்தே செய்ய வேண்டும். வரம்பு இங்கே கூடுதல், ஒரு முறைக்கு 10,000 ரூபாய். 2024 அக்டோபரில் 5,000-லிருந்து உயர்த்தினார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், நடுவில் கால் துண்டித்தால் முதலிலிருந்து. எண்ணை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள், அவசரத்தில் எங்கோ தேடி எடுத்த நம்பருக்கு பின் கொடுப்பது ஆபத்து. நீங்களாக டயல் செய்யாமல் தானாக வந்த காலில் யாராவது பின் அழுத்தச் சொன்னால் வைத்துவிடுங்கள்.

யூபிஐ லைட் ஆஃப்லைன் அல்ல

பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. யூபிஐ லைட்டில் முன்கூட்டியே 5,000 ரூபாய் வரை போட்டு வைத்து, ஒரு முறைக்கு 1,000 வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் நேரத்தில் டேட்டா வேண்டும். இதில் மிச்சமாவது பேங்க் சர்வருக்குப் போய்வரும் வேலை மட்டும். பேங்க் சர்வர் படுத்திருக்கும் மாலையில் லைட் கைகொடுக்கும், டேட்டா இல்லாத செம்மேட்டில் கொடுக்காது. பின் கேட்காத பணம் என்பதால், திறந்த போன் யார் கையில் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம். போனை மாற்றுவதற்கோ ஆப்பை நீக்குவதற்கோ முன் லைட்டை நிறுத்திப் பணத்தைக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள்.

சிக்னலே இல்லையென்றால்

அதற்கானது லைட் எக்ஸ். 2023 செப்டம்பரில் வந்தது. இரண்டு போன்களிலும் என்எஃப்சி, அதாவது ஒட்டி வைத்தாலே போன்கள் பேசிக்கொள்ளும் வசதி, இருக்க வேண்டும், இருவரும் லைட் எக்ஸ் போட்டிருக்க வேண்டும், உங்களுடையதில் நெட் இருந்த நேரத்தில் பணம் ஏற்றியிருக்க வேண்டும். பீம் ஆப்பில் கிடைக்கிறது. போனின் முதுகோடு முதுகை ஒட்டினால், இரண்டுக்குமே நெட் இல்லாமல் தொகை மாறும். தடித்த கவர் இருந்தால் கழற்றிவிட்டு ஒட்டுங்கள். அமைப்பில் என்எஃப்சி அணைந்திருந்தால் ஒன்றும் நடக்காது.

வாங்கியவருக்கு அந்தப் பணம் பேங்குக்குப் போயிருக்காது, அவர் போனில்தான் இருக்கும். அவர் நெட் உள்ள இடத்துக்கு வந்த பிறகுதான் கணக்கில் சேர்க்க முடியும். உங்களுக்கும் அப்படித்தான்: ஏற்றிய தொகை தீர்ந்தால், மறுபடி ஏற்ற டேட்டா வேண்டும். செம்மேட்டுக் கடைக்காரரிடம் என்எஃப்சி போன் இல்லையென்றால் இந்த வழி அங்கேயே முடிந்தது. பர்ஸில் இருக்கிற நோட்டைத்தான் எடுக்க வேண்டும்.