வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடுவது எப்படி?

வீட்டை வாடகைக்கு விட்டவர் வாடகை முழுவதற்கும் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. சொத்து வரி, 30 சதவீத நிலையான கழிவு, வீட்டுக் கடன் வட்டி ஆகிய மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே அவருடைய வருமானத்தில் சேரும். ஆனால் இந்த வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடும்.

மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு நிதியாண்டு முழுவதும் விடப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் நியாயமான வாடகையைவிட இது குறைவில்லை என்றும் கொள்வோம்.

முதல் படியாக, ஆண்டு வாடகை 2,40,000 ரூபாயிலிருந்து சொத்து வரியைக் கழிக்க வேண்டும். அரையாண்டுக்கு 6,000 வீதம் 12,000 செலுத்தியிருந்தால் மீதி 2,28,000 ரூபாய். இதுவே நிகர ஆண்டு மதிப்பு. அந்த வரியை உரிமையாளரே, அதே நிதியாண்டுக்குள் செலுத்தியிருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். குடியிருப்பவர் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. இரண்டாம் அரையாண்டு வரியை ஏப்ரல் மாதத்தில் கட்டினால், அந்த 6,000 அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும். ஆகவே ரசீதில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் தொகையை எழுத வேண்டும்.

இரண்டாம் படி நிலையான கழிவு. 2,28,000 ரூபாயில் 30 சதவீதம் 68,400; மீதி 1,59,600. பலர் முழு வாடகையான 2,40,000 மீது 30 சதவீதம் போட்டு 72,000 என்று கழித்துவிடுகிறார்கள், அது தவறு. பழுதுபார்ப்பு, வெள்ளையடிப்பு போன்ற செலவுகளுக்குப் பதிலாகவே இந்தக் கழிவு தரப்படுவதால், அவற்றைத் தனியாகக் கழிக்க இயலாது. செலவே செய்யாவிட்டாலும் 30 சதவீதம் முழுதாகக் கிடைக்கும்.

மூன்றாம் படியில் கடன் வட்டியைக் கழிக்க வேண்டும். மாதத் தவணையில் அசலும் சேர்ந்திருப்பதால், வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் வட்டி என்று தனியாகக் காட்டியுள்ள தொகையை மட்டுமே எடுக்க வேண்டும். அது 1,10,000 என்றால், வரிக்கு உட்படும் வாடகை வருமானம் 49,600 ரூபாய்.

இது சம்பளம் முதலான மற்ற வருமானத்தோடு சேரும். இந்தத் தொகை முழுவதும் 20 சதவீத அடுக்கில் விழுந்தால் வரி 9,920. அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 397. மொத்தம் 10,317 ரூபாய்.

வட்டி 2,30,000 ரூபாயாக இருந்தால் 70,400 ரூபாய் நட்டம் வரும். பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான இத்தகைய நட்டத்தைச் சம்பள வருமானத்தில் ஈடுசெய்யலாம். புதிய முறையில் அது முடியாது. கடன் புதிதாக இருந்து வட்டி மிகுந்திருக்கும் ஆண்டுகளில், எந்த முறை என்று தீர்மானிக்கும் முன் இந்த நட்டத்தையும் சேர்த்து இரண்டு வகையிலும் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.